பட்டாவில் 2.25, தரகர் சொன்னது 6 சென்ட்: எதை நம்பி விலை பேசுவது?

மதிப்பிற்குரிய வழக்கறிஞர் அவர்களுக்கு,

பணி ஓய்வுப் பணத்தில் வீட்டுமனை வாங்க இரண்டு இடங்கள் பார்த்தேன். ஒன்று சென்னைப் புறநகரில் அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவில் ஒரு கிரவுண்டு. சதுர அடி ரூ.1,650 வீதம் ரூ.39.60 லட்சம். மற்றது செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் 6 சென்ட், சென்ட் ரூ.6.50 லட்சம் வீதம் ரூ.39 லட்சம். தரகர், "அஞ்சு சென்ட் ஒரு கிரவுண்டு, உங்களுக்கு ஒரு கிரவுண்டுக்கு மேலேயே கிடைக்குது" என்றார். நானும் 6 சென்ட் என்றால் 2,880 சதுர அடி என்று கணக்குப் போட்டு, ரூ.50,000 டோக்கன் கொடுத்து ரசீது வாங்கிவிட்டேன். ரசீதில் "6 சென்ட், சென்ட் ஒன்றுக்கு ரூ.6.50 லட்சம்" என்றிருக்கிறது.

பிறகு பட்டா நகல் எடுத்துப் பார்த்தால் பரப்பு "0 - 02.25" என்று இருக்கிறது. 1974ஆம் ஆண்டு தாய்ப்பத்திரத்தில் 6 சென்ட் என்றுதான் உள்ளது. கொத்தனாரை வைத்து அளந்தேன்: வடக்கே 60 அடி, தெற்கே 58, கிழக்கே 44, மேற்கே 40. வடமேற்கு மூலையிலிருந்து தென்கிழக்கு மூலைக்குக் குறுக்கே 65 அடி என்றும் அவர் குறித்துக் கொடுத்தார். 6 சென்ட் என்று சொல்லி இரண்டேகால் சென்ட்டை என் தலையில் கட்டப் பார்க்கிறார்கள், போலீசில் புகார் கொடு என்கிறார் மைத்துனர். அடுத்த வாரம் உடன்படிக்கை எழுத வேண்டும். என்ன செய்வது?

— ஒரு வாசகர், செங்கல்பட்டு மாவட்டம்

அன்புள்ள வாசகருக்கு,

முதலில் புகார் எண்ணத்தை ஒதுக்கி வையுங்கள். பட்டாவில் இருப்பது இரண்டேகால் சென்ட் அல்ல. அதே வேளையில், விற்பவர் சொல்லும் ஆறு சென்ட்டும் அந்த இடத்தில் இல்லை. நீங்கள் போட்ட 2,880 சதுர அடியும் தவறு. மூன்று எண்களும் மூன்று வெவ்வேறு காரணங்களால் பிழையானவை. உங்கள் கொத்தனார் எழுதிக் கொடுத்த குறுக்களவு ஒன்றே உண்மைக்கு மிக அருகில் கொண்டுபோய் விடுகிறது.

ஐந்து சென்ட் ஒரு கிரவுண்டு ஆகாது

ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. அதில் நூறில் ஒரு பங்கு சென்ட். ஆகவே ஒரு சென்ட் 435.6 சதுர அடி. இந்த முழுமையில்லாத எண் எங்கிருந்து வந்தது என்று பலர் கேட்பார்கள். பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்து நில அளவைச் சங்கிலியின் நீளம் 66 அடி. ஒரு சங்கிலி அகலமும் பத்துச் சங்கிலி நீளமும் கொண்ட நிலம் ஒரு ஏக்கர். 66-ஐ 660-ஆல் பெருக்கினால் 43,560 வந்துவிடும். அந்தச் சங்கிலியை நூறு இணைப்புகளாகப் பிரித்திருந்தார்கள். நிலத்தின் பக்க அளவுகளைக் காட்டும் பழைய அரசுப் புலப்படங்களில் அளவுகள் அந்த இணைப்புகளில்தான் குறிக்கப்பட்டிருக்கும். ஆயிரம் சதுர இணைப்பு ஒரு சென்ட். கண்ணால் பார்க்க வேண்டுமானால், ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 20 அடி 10½ அங்குலம் உள்ள ஒரு சதுரத்தைத் தரையில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். அதுதான் ஒரு சென்ட்.

கிரவுண்டு வேறு வழியில் வந்த அளவு. அது சென்னையின் பழைய மனைக் கணக்கு. ஒரு மனை 2,400 சதுர அடி. 24 மனை சேர்ந்தது ஒரு காணி. ஏக்கர் சங்கிலியிலிருந்தும் கிரவுண்டு காணியிலிருந்தும் வந்ததால் இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று முழுதாக அடங்குவதில்லை. ஒரு ஏக்கரில் 18.15 கிரவுண்டு, ஒரு கிரவுண்டில் 5.51 சென்ட். பேச்சுக்கு "அஞ்சரை சென்ட்" என்று சொல்வது பெரிய பிழையில்லை, 4 சதுர அடிதான் குறையும். ஆனால் "அஞ்சு சென்ட்" என்று சொன்னால் 222 சதுர அடி காற்றில் போய்விடும், ஏனென்றால் ஐந்து சென்ட் 2,178 சதுர அடிதான்.

தரகர் வேண்டுமென்றே ஏமாற்றினார் என்று நான் சொல்ல மாட்டேன். சென்னையைச் சுற்றிக் கிரவுண்டு, அதைத் தாண்டினால் சென்ட் என்று இரண்டு வழக்கும் மோதுகிற இடம் உங்கள் மாவட்டம். வாய்க்கணக்காக ஒருவர் சொன்னது நாலு பேர் வாயில் புகுந்து நிலைத்துவிடுகிறது. எப்படியிருந்தாலும் உங்கள் கணக்கில் நடந்தது இதுதான்: உண்மையிலேயே ஆறு சென்ட் இருந்தாலும் அது 2,613.6 சதுர அடிதான். 2,880 என்று எடுத்துக்கொண்டதால், இல்லாத 266 சதுர அடியைச் சேர்த்து, அந்த மனை சதுர அடி ரூ.1,354-க்குக் கிடைப்பதாக நினைத்துவிட்டீர்கள். புறநகர் மனையின் ரூ.1,650-க்கு எதிரே அது மிக மலிவாகத் தெரிந்ததில் வியப்பில்லை.

பட்டாவில் புள்ளி எதைப் பிரிக்கிறது

இப்போது "0 - 02.25"-க்கு வருவோம். கிராமப் பட்டாவில் பரப்புப் பத்தியின் தலையில் சிறிய எழுத்தில் "ஹெக் - ஏர்" என்று போட்டிருக்கும். கோட்டுக்கு இடப்பக்கம் இருப்பது ஹெக்டேர், வலப்பக்கம் இருப்பது ஏர். இந்த ஏர் என்ற சொல்தான் குழப்பத்துக்கு மூலகாரணம். பலர் அதைப் படிக்காமலே விட்டுவிடுகிறார்கள். சிலர் ஏக்கரின் சுருக்கம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். வேறு சிலர் உங்களைப் போல, ஏக்கருக்குப் பக்கத்தில் சென்ட் எழுதுவது வழக்கம் என்பதால், வலப்பக்க எண்ணைச் சென்ட் என்று படித்துவிடுகிறார்கள். ஏர் என்பது மெட்ரிக் அளவு. ஒரு ஏர் 100 சதுர மீட்டர். நூறு ஏர் ஒரு ஹெக்டேர். ஒரு ஏர் ஏறத்தாழ 2.47 சென்ட்.

உங்கள் பட்டாவில் இருப்பது 2.25 ஏர், அதாவது 225 சதுர மீட்டர். புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் இருக்கும்போது புள்ளியை எடுத்துவிட்டுப் படித்தாலே சதுர மீட்டர் கிடைத்துவிடும்: 04.50 என்றால் 450 சதுர மீட்டர், 12.00 என்றால் 1,200 சதுர மீட்டர். இடப்பக்கத்தில் ஹெக்டேர் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் 10,000 கூட்டிக்கொள்ள வேண்டும், "1 - 12.50" என்பது 11,250 சதுர மீட்டர். சதுர மீட்டரை 10.764-ஆல் பெருக்கினால் சதுர அடி, 40.47-ஆல் வகுத்தால் சென்ட். 225 சதுர மீட்டர் 2,422 சதுர அடி, சென்ட்டில் 5.56. ஒரு கிரவுண்டைவிட 22 சதுர அடி கூடுதல். ஆகவே மைத்துனரின் அச்சத்துக்கு இடமில்லை.

இந்தப் பிழை எதிர்ப்பக்கத்திலும் வரும், அப்போது இழப்பு பெரிது. பூர்வீக நிலத்தின் பட்டாவில் "0 - 20.00" என்று பார்த்துவிட்டு, இருபது சென்ட் என்று நினைத்து அதை விற்க விலை பேசிவிட்டு என்னிடம் வந்தவர் ஒருவர் உண்டு. 20 ஏர் என்றால் 49.4 சென்ட். நல்ல வேளையாக அவர் அப்போது எதிலும் கையெழுத்துப் போட்டிருக்கவில்லை.

நகர நில அளவை நடந்த ஊர்களில் பதிவேடே சதுர மீட்டரில் இருக்கும் என்பதால் அங்கே இந்தக் குழப்பம் குறைவு. உங்கள் மனை கிராமக் கணக்கில் இருப்பதால் இவ்வளவு விளக்க வேண்டியதாயிற்று.

அப்படியானால் ஆறு சென்ட் எங்கே?

தாய்ப்பத்திரத்தின் ஆறு சென்ட்டைப் பட்டாவில் வெறும் அலகு மாற்றமாக எழுதியிருந்தால் 02.43 என்று வந்திருக்க வேண்டும், ஏனென்றால் ஆறு சென்ட் 242.8 சதுர மீட்டர். 02.25 என்று இருப்பதால் பட்டாவில் உள்ளது பத்திரத்து எண்ணின் பெயர்ப்பு அல்ல. உட்பிரிவு செய்தபோது அளவர் தரையில் அளந்து கண்ட அளவாகவே அதைக் கொள்ள வேண்டும். பத்திரம் ஒன்று, பட்டா வேறொன்று சொல்லும்போது, முதலில் இந்த மாற்றுக்கணக்கைப் போட்டுப் பார்ப்பது என் வழக்கம். இரண்டும் ஒத்துப்போனால் வெறும் அலகு வேறுபாடு. ஒத்துப்போகாவிட்டால், இடையில் யாரோ நிலத்தை அளந்திருக்கிறார்கள், அல்லது ஒரு பகுதி கைமாறியிருக்கிறது. இரண்டாவது ஐயத்தைத் தீர்க்க வில்லங்கச் சான்றைப் பாருங்கள். அதே உட்பிரிவில் 1974-க்குப் பின் துண்டு விற்பனையோ பாதைக்கு விட்டதோ பதிவாகியிருந்தால் அதில் தெரிந்துவிடும்.

உங்கள் மனையில் துண்டு விற்பனை நடந்திருக்கத் தேவையில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. கொத்தனார் அளவுகளைப் பாருங்கள். எதிரெதிர்ப் பக்கங்களில் பெரியவற்றை எடுத்தால் 60, 44. அவற்றைப் பெருக்கினால் 2,640 சதுர அடி, அதாவது 6.06 சென்ட். பத்திரத்தின் ஆறு சென்ட் பிறந்த இடம் இதுவாகவே இருக்கும். பத்திரம் எழுதுபவர் வடபுற அளவையும் கீழ்புற அளவையும் மட்டும் கேட்டுப் பெருக்கிவிட்டு, "சுமார் ஆறு சென்ட்" என்று எழுதுவது அக்காலத்தில் அரிதல்ல.

கொஞ்சம் கவனமானவர்கள் எதிரெதிர்ப் பக்கங்களின் சராசரியை எடுப்பார்கள். வடக்கும் தெற்கும் சேர்ந்து சராசரி 59, கிழக்கும் மேற்கும் சேர்ந்து 42. பெருக்கினால் 2,478 சதுர அடி, 5.69 சென்ட். இந்த முறையை ஊரில் எல்லோரும் பின்பற்றுகிறார்கள். ஆனால் மனை சரியான செவ்வகமாக இருந்தாலொழிய, இது எப்போதும் உண்மைப் பரப்பைவிடக் கூடுதலாகவே காட்டும். ஒருபோதும் குறைத்துக் காட்டாது. மூலைமட்டம் விலக விலக மிகை கூடிக்கொண்டே போகும். காரணம் எளிது. நான்கு குச்சிகளை நான்கு மூலைகளில் ஆணி தளர அடித்து ஒரு சட்டம் செய்யுங்கள். ஒரு மூலையைப் பிடித்துச் சாய்த்தால் குச்சிகளின் நீளம் மாறாது, உள்ளே அடங்கும் இடம் மட்டும் சுருங்கும். நான்கு பக்க நீளங்களை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மனையின் பரப்பைச் சொல்லவே முடியாது என்பது இதிலிருந்து விளங்கும். ஐந்தாவதாக ஒரு குறுக்களவு வேண்டும்.

அந்த ஐந்தாவது அளவை உங்கள் கொத்தனார் எடுத்துக் கொடுத்திருக்கிறார். 65 அடிக் குறுக்குக்கோடு மனையை இரண்டு முக்கோணங்களாகப் பிரிக்கிறது. ஒன்றின் பக்கங்கள் 60, 44, 65. மற்றதின் பக்கங்கள் 58, 40, 65. மூன்று பக்கமும் தெரிந்த முக்கோணத்தின் பரப்புக்குப் பள்ளிக்கூடத்தில் படித்த வழி ஒன்று உண்டு: மூன்றையும் கூட்டிப் பாதியாக்கி, அந்தப் பாதியிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் கழித்து, பாதியையும் மூன்று மிச்சங்களையும் பெருக்கி, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். முதல் முக்கோணத்தின் பாதிச்சுற்றளவு 84.5, மிச்சங்கள் 24.5, 40.5, 19.5. பரப்பு 1,279 சதுர அடி. இரண்டாவதன் பாதிச்சுற்றளவு 81.5, மிச்சங்கள் 23.5, 41.5, 16.5. பரப்பு 1,145 சதுர அடி. இரண்டும் சேர்ந்து 2,424 சதுர அடி.

பட்டாவின் 225 சதுர மீட்டர் 2,422 சதுர அடி என்று மேலே பார்த்தோம். அரசு அளவரின் கணக்கும் உங்கள் கொத்தனாரின் நாடாவும் இரண்டே சதுர அடியில் ஒத்துப்போகின்றன. இந்த இரண்டு சதுர அடிக்காக யாரும் வாதிட வேண்டியதில்லை. அறுபதடிப் பக்கத்தில் நாடா இரண்டு அங்குலம் தொய்ந்தாலே அவ்வளவு வந்துவிடும். ஆறு சென்ட்டுக்கு இருக்கும் குறைவு அப்படியல்ல. அது 0.44 சென்ட், ஏறத்தாழ 192 சதுர அடி, பன்னிரண்டுக்குப் பதினாறடி அறை ஒன்று. உங்கள் விலையில் ரூ.2.86 லட்சம்.

இரண்டு மனைகளையும் ஒரே தராசில் வைத்தால்

ஒப்பிடும்போது இரண்டையும் சதுர அடிக்குக் கொண்டுவந்துவிடுங்கள். கிராம மனைக்கு ரூ.39 லட்சத்தை மொத்த விலையாகக் கொடுத்தால் சதுர அடி ரூ.1,610 ஆகிறது, புறநகர் மனைக்கும் இதற்கும் ரூ.40 மட்டுமே வித்தியாசம். சென்ட் ரூ.6.50 லட்சம் என்ற வீதத்தையே பிடித்துக்கொண்டு 5.56 சென்ட்டுக்கு மட்டும் கொடுத்தால் விலை ரூ.36.14 லட்சம், சதுர அடி ரூ.1,492. இப்போது வித்தியாசம் ரூ.158. நீங்கள் முதலில் நினைத்திருந்த ஏறத்தாழ ரூ.300 வித்தியாசம் எந்தக் கணக்கிலும் இல்லை.

இந்த ரூ.158-ஐ எடைபோடும்போது ஒன்றைச் சேர்த்துப் பாருங்கள். புறநகர் மனை 40-க்கு 60 செவ்வகமாக இருந்தால், வீட்டுக்குச் சுற்றிலும் விட வேண்டிய இடம் போக மீதியைச் சதுரமாகப் பயன்படுத்தலாம். சாய்ந்த மனையில் மூலைகளில் சிறு முக்கோணங்கள் வீணாகும். அத்துடன், கிராம மனையின் பரப்பு பட்டாவில் புன்செய் பத்தியில் எழுதப்பட்டிருந்தால், அது வீட்டுமனையாக அங்கீகாரம் பெற்றதா என்பதை உடன்படிக்கைக்கு முன்பே பார்த்தாக வேண்டும். அங்கீகாரம் இல்லாத மனையும் அங்கீகாரம் பெற்ற மனையும் சதுர அடி விலையில் ஒப்பிடத்தக்கவையே அல்ல.

புறநகர் மனையையும் "ஒரு கிரவுண்டு" என்ற சொல்லோடு விட்டுவிடாதீர்கள். மனைப்பிரிவு வரைபடத்தில் அந்த மனை எண்ணுக்கு நேரே உள்ள பக்க அளவுகளையும் பரப்பையும் பாருங்கள். முழுக் கிரவுண்டு என்றால் 222.97 சதுர மீட்டர். தெருமுனை மனையாக இருந்தால் மூலையைச் சாய்வாக வெட்டியிருப்பார்கள். இருபுறமும் பத்தடி வெட்டினால் 50 சதுர அடி போய், 2,350-தான் இருக்கும். பேச்சில் அதுவும் ஒரு கிரவுண்டுதான்.

சட்டப்படி உங்கள் நிலை

உங்களுக்குச் சாதகமாக இருப்பது அந்த ரசீதின் சொற்கள். மொத்தம் ரூ.39 லட்சம் என்று மட்டும் எழுதியிருந்தால், "நான்கெல்லைக்குட்பட்ட இடத்தைப் பார்த்துத்தானே விலை பேசினீர்கள்" என்று விற்பவர் சொல்ல வழியிருக்கும். சென்ட் ஒன்றுக்கு இவ்வளவு என்று வீதம் எழுதப்பட்டிருப்பதால், இருக்கிற சென்ட்டுக்கே விலை என்பது உங்கள் இயல்பான வாதம். பெரும்பாலும் வழக்கறிஞர் அறிவிப்பு வரை போக வேண்டியிருக்காது. மேலே உள்ள கணக்கை ஒரு தாளில் எழுதி, பட்டா நகலோடு விற்பவரின் முன்னால் வைத்தாலே பேச்சு தொடங்கும். அவரும் ஆறு சென்ட் என்று நம்பியே இருந்திருக்கலாம். ஐம்பது ஆண்டுகளாக அவர் குடும்பம் அந்தப் பத்திரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது.

பத்திரத்தில் ஆறு சென்ட் என்று எழுதி வாங்கிவிட்டால் ஆறு சென்ட் கிடைத்துவிடும் என்று சிலர் உங்களுக்கு ஆலோசனை சொல்லக்கூடும். அது தவறு. விற்பவரிடம் இல்லாததை அவர் விற்க முடியாது. எல்லைக்கும் பரப்புக்கும் முரண் வரும்போது, பத்திரத்தில் நான்கெல்லையும் தெளிவாகச் சொல்லப்பட்டிருந்தால், நீதிமன்றங்கள் பொதுவாக எல்லையையே ஏற்கின்றன. பரப்பு எண் பின்னுக்குப் போய்விடும். இல்லாத 0.44 சென்ட் பக்கத்து நிலத்தில்தான் இருக்க முடியும், அதைக் கேட்டுப் போனால் புது வழக்கு. போதாக்குறைக்கு, ஆறு சென்ட்டுக்கும் முத்திரைத் தீர்வை கட்டியிருப்பீர்கள். பட்டா மாற்றத்துக்கு மனுப் போடும்போது பத்திரப் பரப்பும் பதிவேட்டுப் பரப்பும் பொருந்தவில்லை என்று கோப்பு நின்றுவிடும்.

அதே போல், பட்டாவே இறுதி என்றும் எண்ணிவிட வேண்டாம். பட்டா வருவாய்த் துறை ஆவணம். உரிமையைத் தருவது கிரயப் பத்திரத் தொடர்ச்சி. பரப்பைப் பொறுத்தவரை தரையில் அளப்பதே தீர்வு.

உடன்படிக்கைக்கு முன்

அடுத்த வாரம் என்ற தேதியைத் தள்ளி வையுங்கள். முதலில் அந்த உட்பிரிவின் புலப்படத்தை எடுத்து, அதிலுள்ள பக்க அளவுகளை உங்கள் அளவுகளோடு ஒப்பிடுங்கள். புலப்படம் மீட்டரில் இருந்தால் 60 அடி 18.29 என்றும், 58 அடி 17.68 என்றும் தெரியும். பழைய படம் இணைப்பில் இருந்தால் 60 அடிக்கு ஏறத்தாழ 91 இணைப்பு வரும். அதை மீட்டர் என்றோ அடி என்றோ படித்துவிட்டுத் திகைக்காதீர்கள்.

பின்பு அரசு அளவர் வந்து எல்லையை அளந்து காட்டும் எஃப்-லைன் அளவைக்கு மனுக் கொடுக்கச் சொல்லுங்கள். பட்டா விற்பவர் பெயரில் இருப்பதால் மனு அவர் கொடுக்க வேண்டும்; கட்டணத்தை நீங்கள் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னால் மறுக்க மாட்டார். அளவர் வரும் நாளில் பக்கத்து நிலக்காரர்களும் இருக்க வேண்டும். அன்று எல்லைக் கற்களை அடையாளம் கண்டு, குறுக்களவையும் ஒரு முறை எடுத்துக்கொள்ளுங்கள். வேலி கல்லுக்கு உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்பதை அப்போதுதான் பார்க்க முடியும். உங்கள் கொத்தனார் வேலியிலிருந்து அளந்தாரா, கல்லிலிருந்து அளந்தாரா என்று கடிதத்தில் இல்லை. பட்டாவோடு ஒத்துப்போவதைப் பார்த்தால் கல்லிலிருந்துதான் அளந்திருக்க வேண்டும்.

உடன்படிக்கையில் விலையைச் சதுர அடி வீதமாகவோ சென்ட் வீதமாகவோ எழுதி, "அளந்து கண்ட பரப்புக்கே கிரயத் தொகை" என்று சேர்க்கச் சொல்லுங்கள். "கூடக்குறைய இருப்பினும்" என்ற பழைய சொற்றொடர் வரைவில் இருந்தால் அதை நீக்கிவிடுங்கள், அல்லது எத்தனை சதுர அடி வரை என்று வரம்பு கட்டுங்கள். வரம்பில்லாமல் கையெழுத்திட்டால் பின்னால் ஒரு பெரிய குறைவைக்கூட அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கப் பார்ப்பார்கள். தமிழ்நாட்டில் 2012ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் விற்பனை உடன்படிக்கையைப் பதிவு செய்ய வேண்டும். வெள்ளைத் தாளில் எழுதி முடித்துவிடலாம் என்ற பேச்சுக்கு இணங்காதீர்கள். உடன்படிக்கைக்குப் பிறகு பரப்பு குறைவது தெரிந்து, விற்பவர் விலையைக் குறைக்க மறுத்தால், இருக்கிற இடத்தைக் கிரயம் செய்து தரவும் குறைந்த பகுதிக்கு ஈடு தரவும் கோர ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டம், 1963-இன் 12ஆம் பிரிவில் வழி உண்டு. கிரயப் பத்திரமே பதிவாகி, பணமும் கைமாறிய பின் இதே கோரிக்கை மிகவும் கடினமாகிவிடும்.

கிரயப் பத்திரத்தின் சொத்து விவரத்தில் கிரவுண்டு என்ற சொல்லோ தனியாகச் சென்ட்டோ போதாது. எஃப்-லைனில் வேறு எண் வராவிட்டால், இப்படி எழுதச் சொல்லுங்கள்: "கிழமேல் வடபுறம் 60 அடி, தென்புறம் 58 அடி, தென்வடல் கீழ்புறம் 44 அடி, மேல்புறம் 40 அடி, வடமேற்கு மூலையிலிருந்து தென்கிழக்கு மூலைக்குக் குறுக்களவு 65 அடி, ஆக 2,422 சதுர அடி, அதாவது 225 சதுர மீட்டர், 5.56 சென்ட்." இதற்கு மேல் சர்வே எண், உட்பிரிவு எண், நான்கெல்லை ஆகியவை வழக்கம்போல் வரும். பத்திரம் எழுதுபவர் குறுக்களவு எதற்கு என்று கேட்கக்கூடும். எழுதச் சொல்லுங்கள், அந்த ஒரு வரி 1974-இல் இருந்திருந்தால் இந்தக் கடிதமே எழுதியிருக்க மாட்டீர்கள்.

ரூ.36.14 லட்சத்துக்கு விற்பவர் ஒப்புக்கொள்ளாமல் நடுவில் ஒரு தொகை சொன்னால், அதை 2,422-ஆல் வகுத்துப் பாருங்கள். வருகிற சதுர அடி விலை, அந்த மனையின் சாய்வையும் அங்கீகார நிலையையும் வைத்துப் பார்க்கும்போது, புறநகரின் ரூ.1,650-க்கு எதிரே உங்களுக்குச் சம்மதமாக இல்லையென்றால், அளவு குறைந்த காரணத்தைச் சொல்லியே ரூ.50,000 டோக்கனைத் திரும்பக் கேட்கலாம். ரசீதில் ஆறு சென்ட் என்று எழுதிக் கையெழுத்திட்டவர் அவர்தான்.

அன்புடன்,
வழக்கறிஞர்